உறுதிகளின் முன்னுரைக் கூற்றுகள்: காலமும் பெயரும் பற்றிய சரவை நோக்கு

காணி உறுதி ஒன்றைக் கையில் எடுப்போர் பெரும்பாலும் இரண்டு இடங்களையே வாசிக்கின்றனர். ஒன்று, விலைத்தொகை எழுதப்பட்ட இடம். மற்றையது, எல்லைகள் கூறப்படும் அட்டவணை. இவற்றிற்கு முன்னே நிற்கும் பகுதி, அதாவது இக்காணி யாரிடமிருந்து யாருக்கு எவ்வாறு வந்தது, இன்று இவ்வுறுதி ஏன் முடிக்கப்படுகின்றது என்பனவற்றைச் சொல்லும் பகுதி, வெறும் சம்பிரதாயம் என்றே கருதப்படுகின்றது. இப்பகுதியை நாம் முன்னுரைக் கூற்றுகள் எனக் குறிப்பிடுவோம். சரவை பார்ப்போரும் இதனை எழுத்துப்பிழைக்காக மட்டுமே பார்த்து விட்டுவிடுவதுண்டு. எழுத்துப்பிழை ஒன்றுமில்லாத ஒரு முன்னுரை, வினைமுற்றுகளின் காலம் பிறழ்ந்ததாலும் ஆட்களின் பெயர் ஒருமைப்படாததாலும் ஒருவருடைய பங்கையே ஐயத்துக்குள்ளாக்கக்கூடும். அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை யாழ்ப்பாணத்து அறுதி உறுதி ஒன்றின் வரைவைக் கொண்டு இங்கு நோக்குவாம்.

முதலில், இக்கூற்றுகளுக்குச் சட்டத்தில் உள்ள நிலை பற்றிச் சிறிது கூறவேண்டும். உறுதியிலே காணியைக் கைமாற்றும் வாசகம் வேறு. அதற்கு முன் நிற்கும் கூற்று வேறு. இரண்டும் முரண்பட்டால் எது மேலோங்கும் என்ற வினாவுக்கு, 1886ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மூன் என்பாரின் கடன்முறிவு தொடர்பான வழக்கில் எஷர் பிரபு மூன்று விதிகளைக் கூறினார். முன்னுரை தெளிவாகவும் செயற்பகுதி ஐயத்துக்கிடமாகவும் இருப்பின் முன்னுரை வழிகாட்டும். முன்னுரை ஐயத்துக்கிடமாகவும் செயற்பகுதி தெளிவாகவும் இருப்பின் செயற்பகுதி நிற்கும். இரண்டும் தெளிவாயிருந்து தம்முள் முரண்பட்டால் செயற்பகுதியே கொள்ளப்படும். இவற்றுள் முதலாம் விதியையே சரவை பார்ப்பவர் மனத்திற் கொள்ளல் வேண்டும். செயற்பகுதியில் ஒரு சொல் தடுமாறினால் நீதிமன்றம் திரும்பிப் பார்க்கும் இடம் முன்னுரை. அங்கேயும் தடுமாற்றம் இருந்தால் திரும்பிப் பார்ப்பதில் பயனில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. முன்னுரையிற் சொன்னதைச் சொன்னவரே பின்னர் மறுக்க முற்பட்டால், அவருடைய சொல்லே அவரைத் தடுக்கக்கூடும். ஆனால் அது யாருடைய சொல் என்பது தெளிவாதல் வேண்டும். கிரியர் எதிர் கெற்றில் என்ற ஆங்கில வழக்கிலே, 1938ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்றது அது, ஒரு கடனுக்குப் பிணைநின்ற பத்திரத்தின் முன்னுரை, அக்கடன் குறித்த சில பங்குகளின்மீது ஈடாகப் பெறப்பட்டுள்ளதாகக் கூறியது. உண்மையில் அப்பங்குகள் செல்லுபடியாக வழங்கப்பட்டிருக்கவில்லை. பிணைநின்றவர் அக்கூற்றாற் கட்டுப்படார் என்றே பிரபுக்கள் சபை தீர்த்தது. கடன் கொடுத்தவரின் கூற்றை மற்றவரின் வாயில் இட முடியாது என்பது அதன் கருத்து. தமிழ் உறுதிகளிலோ, 'எனத் தெரியவருகின்றது', 'எனக் கொள்ளப்படுகின்றது' என எழுவாயே இல்லாத தொடர்கள் மலிந்து கிடக்கின்றன. தெரிய வந்தது யாருக்கு, கொண்டவர் யார் என்று சரவை பார்ப்பவர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இடுதல் நன்று.

இனி எமது எடுத்துக்காட்டுக்கு வருவோம். இதிலுள்ள பெயர்களும் ஆண்டுகளும் நாம் இட்டவை. பிழைகளோ நாம் பல வரைவுகளிற் கண்டவை. செல்லம்மா என்னும் மூதாட்டியும் அவர் மகனும் 2023ஆம் ஆண்டில் ஒரு காணியின் முக்காற்பங்கை அறுதியாக விற்கின்றனர். மகள் கனடாவில் வாழ்கின்றார். அவர் தமது காற்பங்கை விற்கவில்லை. வரைவின் தலைப்பிலே செல்லம்மாவும் மகனும் 'இதனகத்துப் பின்னர் விற்பனையாளர் என அழைக்கப்படுவோர்' எனக் குறிக்கப்பட்டுள்ளனர். அதன்பின் வரும் முன்னுரை இது:

"அட்டவணையில் விபரிக்கப்படும் காணியைச் செல்லம்மாவின் கணவரான காலஞ்சென்ற கந்தையா வேலுப்பிள்ளை 1974ஆம் ஆண்டு அறுதி உறுதிப்படி வாங்கி ஆண்டு வருகையில், 1998ஆம் ஆண்டு மரணசாதனம் எழுதாது இறந்து, அவரின் விதவையான மேற்படியாருக்கு அரைப்பங்கும், பிள்ளைகளான தர்மலிங்கம், மகேஸ்வரி ஆகியோருக்கு மிகுதி அரைப்பங்கும் உரித்தாகின்றது. திருமதி நடராசா தமது காற்பங்கை வைத்திருந்தார். விற்பனையாளர் தமது முக்காற்பங்கைக் கொள்வனவாளருக்கு விற்க இணங்கி, அவர் அதன் பெறுமதியைச் செலுத்தி, காணியை ஆண்டு வருகிறார்."

ஓசையால் இது பழக்கமான உறுதித் தமிழே. வேகமாக வாசிப்பவருக்கு இடறல் எதுவும் தோன்றாது. ஆயினும் ஒவ்வொரு வினையையும் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே நிறுத்திப் பார்த்தால் நிலைமை வேறாகின்றது.

'கணவரான' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'ஆன' என்பது இறந்தகாலப் பெயரெச்ச வடிவினது. எனினும் இவ்வாறான தொடர்களில் அது காலம் காட்டுவதில்லை. வேலுப்பிள்ளை இன்றைய பேச்சில் செல்லம்மாவின் கணவர் என்று அறியப்படுகின்றார் என்பதையே அது சொல்கின்றது. 1974இல் காணியை வாங்கிய நாளில் அவர் கணவராயிருந்தாரா என்பதை அது சொல்லவில்லை. இக்குடும்பமோ தேசவழமைக்கு உட்பட்டது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட அவ்வழமை சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டமும் அதற்கு 1947இல் வந்த திருத்தமும், மணவாழ்வு நிலவிய காலத்திலே, தமது தனிச்சொத்தைச் சேராத பணத்தால் விலைகொடுத்துத் தேடியதையே தேடியதேட்டம் என வரையறுத்தன. அதனைத் தேடியவர் மரணசாதனமின்றி இறப்பின், அரைப்பங்கு உயிரோடிருக்கும் துணைக்கும் மற்ற அரைப்பங்கு இறந்தவரின் வழியுரிமையாளர்க்கும் செல்லும்.

ஆகவே செல்லம்மாவின் அரைப்பங்கு 1974ஆம் ஆண்டில் மணவாழ்வு நிலவியது என்ற ஒரே உண்மையில் தங்கியுள்ளது. வேலுப்பிள்ளை மணத்திற்கு முன்பே காணியை வாங்கியிருப்பின் அது தேடியதேட்டம் அன்று. தேடியதேட்டத்தின் பெயரால் அரைப்பங்கு கேட்பதற்கு இடமில்லை. வரைவை எழுதியவருக்கு விடை தெரிந்திருக்கலாம். வரைவு அதைச் சொல்லவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து இவ்வுறுதியை நீதிமன்றத்தில் விரிப்பவருக்குச் செல்லம்மாவையும் கேட்க இயலாது, நொத்தாரிசையும் கேட்க இயலாது.

இங்கே சரவை பார்ப்பவர் 'கணவரான' என்பதைக் 'கணவராயிருந்த' என மாற்றிவிட்டு அமையலாமா? கூடாது என்பதே எமது துணிபு. அது உண்மையைத் தாமே உருவாக்குவதாகும். அவர் செய்யவேண்டியது வினா எழுப்புதல்: மணம் எப்போது? நாம் எடுத்துக்கொண்ட வழக்கில் விவாகப் பதிவுப் பத்திரம் 1976ஆம் ஆண்டைக் காட்டுகின்றது என்போம். பத்திரத்தை மட்டும் பார்ப்பவர் அரைப்பங்கு போயிற்று என்றே முடிவு செய்வார். ஆனால் செல்லம்மாவிடம் கேட்டால், கோயிலில் தாலி கட்டியது 1972 வைகாசியில், பதிவு செய்தது மகனைப் பாடசாலையிற் சேர்க்க முன்னர் என்பார். இலங்கைச் சட்டத்திலே வழக்காற்று முறைப்படி முடிந்த மணம் பதிவில்லாமலும் செல்லும். எனவே முன்னுரையில் இரண்டு நிகழ்ச்சிகளையும் அவற்றின் ஆண்டுகளோடு தனித்தனியே சொல்லுதல் வேண்டும்: 1972இல் வழக்காற்று முறைப்படி மணம் முடித்தனர், 1976இல் அம்மணத்தைப் பதிவு செய்தனர். 'மணமான' என்ற ஒற்றைச் சொல் இவ்விரண்டு ஆண்டுகளையும் விழுங்கிவிடும்.

அடுத்து, 'காலஞ்சென்ற கந்தையா வேலுப்பிள்ளை 1974ஆம் ஆண்டு வாங்கி' என்பது. இறந்தவர் காணி வாங்கினார் என்று யாரும் பொருள்கொள்ளமாட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் முன்னுரை ஒன்றிலே அடைமொழிகள் எந்த நாளிலிருந்து பேசுகின்றன என்ற கேள்வி எழாமலிருக்க வேண்டுமாயின், நிகழ்ச்சி நடந்த நாளுக்குப் பொருந்தாத அடைமொழியை அந்நிகழ்ச்சியின் அருகில் வைக்காதிருத்தல் நன்று. அவர் இறந்ததை 1998ஆம் ஆண்டுக் கூற்று சொல்லப்போகின்றது. 'காலஞ்சென்ற' என்பது அதன்பின் வரட்டும். இதே காரணத்தால், 'விதவையான' என்ற சொல்லும் 1998க்கு முன் எங்கும் வரலாகாது.

இனித் தொடரின் நடுவே உள்ள பெரும் இடறலுக்கு வருவோம். 'வாங்கி', 'ஆண்டு', 'இறந்து' என எச்சங்கள் அடுக்கி வர, முடிவில் 'உரித்தாகின்றது' என்ற முற்று நிற்கின்றது. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் எழுவாயின் வினைகொண்டே முடியும் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். வாங்கியவரும் இறந்தவரும் வேலுப்பிள்ளை. உரித்தானதோ காணியின் பங்கு. எழுவாய் மாறும் இடத்தில் 'இறக்க' எனச் 'செய' வாய்பாடு வந்திருத்தல் வேண்டும். அல்லது 'இறந்தார்' எனத் தொடரை முடித்திருத்தல் வேண்டும். இது இலக்கணப் பிடிவாதம் அன்று. எச்சங்களுக்குத் தனித்த கால உறுதி குறைவு. தொடரின் இறுதி முற்றே அவற்றையெல்லாம் இழுத்துச் செல்கின்றது. அந்த முற்று இங்கே நிகழ்காலத்தில் உள்ளது. பங்கு வந்து சேர்ந்தது 1998இல், வேலுப்பிள்ளை இறந்த நாளில். 'உரித்தாகின்றது' என்றால் 2023ஆம் ஆண்டிலே, இவ்வுறுதியின் மூலமாகவே, உரித்து உண்டாகின்றது போன்ற மயக்கம் தோன்றும். 'உரித்தாயிற்று' என்பதே வேண்டிய சொல்.

இந்தப் பிழை எங்கிருந்து வருகின்றது என்பதை ஆராய்ந்தால், அது பெரும்பாலும் ஆங்கில மாதிரி உறுதிகளின் வழியே வருகின்றது எனத் தோன்றுகின்றது. அம்மாதிரிகளிலே 'இவ்விதமாக விற்பனையாளர் உரித்தும் ஆட்சியும் உடையவராயுள்ளார்' என்னும் பொருள்படும் நிகழ்கால வாசகம் ஒன்று உண்டு. அது வரலாற்றின் முடிவிலே, உறுதி முடிக்கும் நாளைய நிலையைச் சொல்வதற்கு வந்தது. மொழிபெயர்த்தவர்கள் அதன் காலத்தை வரலாறு முழுவதற்கும் பரப்பிவிட்டனர். உண்மையில் முன்னுரையில் வினைகள் மூன்று இடங்களிலேயே நிற்க முடியும். நடந்து முடிந்த நிகழ்ச்சி இறந்தகாலத்தில் நிற்கும்: வாங்கினார், மணம் முடித்தார், இறந்தார். இன்றும் நிலவும் நிலை 'உள்ளது', 'இருந்து வருகின்றது' என நிற்கும். இவ்வுறுதிக்குக் காரணமான உடன்பாடு, முன்னர் நிகழ்ந்து இன்றும் கட்டுப்படுத்துவதாகலின், 'இணங்கியுள்ளனர்' என நிற்கும். விற்றல் என்னும் செயல் இவற்றுள் எதனையும் சார்ந்ததன்று. அது செயற்பகுதிக்கு உரியது. முன்னுரையில் 'விற்கின்றனர்' என்ற சொல் தலைகாட்டினால் அது தவறான அறைக்குள் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

'திருமதி நடராசா தமது காற்பங்கை வைத்திருந்தார்' என்ற தொடர் சிறியது, தீங்கோ பெரியது. 'வைத்திருந்தார்' என்பது, இப்போது இல்லை என்ற குறிப்பைத் தானாகவே தருகின்றது. வரைந்தவர் சொல்ல நினைத்தது, அவர் இவ்விற்பனையிற் சேரவில்லை என்பதை மட்டுமே. இதனை வாசிக்கும் அடுத்த தலைமுறை, கனடாவில் உள்ள மகள் தமது பங்கை வேறெவருக்கோ கொடுத்துவிட்டார் எனத் தேடத் தொடங்கும். 'இன்றும் உடையவராயுள்ளார், அப்பங்கு இவ்வுறுதியால் மாற்றப்படவில்லை' என இரண்டு முற்றுகள் வந்திருப்பின் ஐயத்திற்கு இடமேயில்லை.

மேலும், யார் இந்தத் திருமதி நடராசா? முன் வரியில் மகேஸ்வரி என்று ஒருவர் உளர். இந்த வரியில் திருமதி நடராசா உளர். இருவரும் ஒருவரே என்பதை வரைவில் எச்சொல்லும் கூறவில்லை. இவ்விடத்தில் நாம் சற்றுத் தங்கிச் செல்ல விரும்புகிறோம். எமது உறுதிகளில் ஓர் ஆண் பிறந்தது முதல் இறக்கும்வரை ஒரே பெயரால் வருவான்: கந்தையா வேலுப்பிள்ளை. பெண்ணோ தந்தையின் பெயரோடு தொடங்கி, மணத்தின்பின் கணவனின் பெயரோடு தொடர்ந்து, பின்னர் 'இன்னாரின் விதவை' எனவும் வருவாள். செல்லம்மாவின் தந்தை சின்னத்தம்பி என்போம். பிறப்புப் பத்திரத்தில் அவர் சின்னத்தம்பி செல்லம்மா. அடையாள அட்டையில் வேலுப்பிள்ளை செல்லம்மா. சீதன உறுதியொன்று இருப்பின் அதிற் சின்னத்தம்பி மகள் செல்லம்மா. மூன்று பத்திரங்களில் மூன்று பெண்கள் தோன்றுகின்றனர். உரித்துத் தொடரை அறுப்பதற்கு இது போதும். ஆணின் பெயரில் உள்ள உறுதிக்கு இவ்வகை இடையூறு அரிதாகவே நேர்கின்றது. பெண்ணை எப்போதும் ஓர் ஆணின் உறவாகவே பெயரிடும் வழக்கத்தின் செலவைப் பெண்ணே சுமக்கின்றாள் என்பதை எமது சமூக ஆய்வாளர்கள் பத்திரங்களிலேயே காணலாம். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மணமான பெண் தன் அசையாச் சொத்தை மாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலமான இசைவைக் கேட்டது. எனவே பழைய உறுதிகளில் ஒரு பெண் அன்று மணமாகாதவளா, மனைவியா, விதவையா என்ற விபரிப்பு வெறும் அடையாளமன்று. அவ்வுறுதி செல்லுமா என்பதையே தொட்டு நிற்பது.

இதற்குச் சரவை பார்ப்பவர் செய்யக்கூடியது எளியது. ஆள் முதன்முறை தோன்றும் இடத்தில் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், பிற பத்திரங்களில் வரும் பெயர்கள் ஆகியவற்றை ஒருமுறை இணைத்துக் கூறவேண்டும்: 'சின்னத்தம்பி செல்லம்மா எனவும் வேலுப்பிள்ளை செல்லம்மா எனவும் பெயர் வழங்கும்' என்றவாறு. அதன்பின் முன்னுரை முழுவதும் ஒரே பெயரே வரவேண்டும். 'மேற்படியார்' என்ற சொல்லை நாம் முற்றாகத் தவிர்ப்போம். ஆங்கிலத்தில் 'அவன்', 'அவள்' என்ற வேறுபாடாவது மயக்கத்தைச் சிறிது தடுக்கும். எமது 'அவர்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, ஒருவருக்கும் உயர்வுப் பன்மைக்கும் பொது. 'மேற்படியார்' அதனினும் மோசம். மேலே உள்ள எவரையும் அது சுட்டும். பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுவது நடையழகைக் கெடுக்கும் என்போருக்கு, உறுதிக்கு அந்த அழகு தேவையில்லை என்பதே விடை.

'விற்பனையாளர்' என்ற சொல்லிலும் இதே குறை உண்டு. அது ஒருவரா பலரா என்பதை அதன் வடிவம் காட்டாது. தலைப்பில் இருவரைக் குறித்த சொல், 'விற்பனையாளர் தமது முக்காற்பங்கை' என வரும்போது, இருவரும் சேர்ந்தா, ஒவ்வொருவரும் தத்தம் பங்கையா என்ற வினா எழுகின்றது. 'விற்பனையாளர்கள்' எனப் பன்மையாக்கி, செல்லம்மா தமது அரைப்பங்கையும் மகன் தமது காற்பங்கையும் எனப் பிரித்துச் சொல்லுதல் வேண்டும். இன்னொன்று: 'விற்பனையாளர் என்பது அவர்தம் வழியுரிமையாளரையும் உள்ளடக்கும்' என்ற வாசகம் தலைப்பிலே வழமையாக உண்டு. ஆகவே வரலாற்றுப் பகுதியில் இப்பாத்திரப் பெயரைப் பயன்படுத்தினால், 1998இல் பங்கு பெற்றவர் யார் என்பதில் வழியுரிமையாளரும் நுழைந்துவிடுவர். வரலாற்றைச் சொல்லும்போது இயற்பெயர். உடன்பாட்டைச் சொல்லத் தொடங்கும்போது பாத்திரப் பெயர். இந்த எல்லைக்கோட்டை நாம் உறுதியாகப் பேணி வருகிறோம். பிறர் வேறாகக் கருதலாம்.

இறுதித் தொடரில் 'அவர் அதன் பெறுமதியைச் செலுத்தி, காணியை ஆண்டு வருகிறார்' என உள்ளது. கொள்வனவாளர் என்று ஊகிக்கலாம். ஆனால் இலக்கணப்படி தொடரின் எழுவாய் விற்பனையாளரே. பணம் செலுத்தப்பட்டதா, கையொப்பத்தின்போது செலுத்தப்படுமா என்பதையும் 'செலுத்தி' என்ற எச்சம் சொல்லவில்லை. முழுத்தொகையும் செலுத்தப்படாத நிலையில் இது கையொப்பமிடப்பட்டால், விற்றவரே பணம் பெற்றதை ஒப்புக்கொண்டது போலாகும். 'ஆண்டு வருகிறார்' என்பதும் அவ்வாறே. எமது நாட்டில் பத்தாண்டு எதிராட்சி உரித்தைத் தோற்றுவிக்கக்கூடும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனைக் கூறுகின்றது. யார் எந்நாள் முதல் ஆள்கின்றார் என்பதை எழுவாயும் தேதியும் இன்றி எழுதுவது வீண் வழக்கிற்கு வித்திடுவதாகும். ஆட்சி உண்மையில் கைமாறாதிருப்பின் இத்தொடரை நீக்கிவிடுதலே தக்கது.

எஞ்சியது 'தர்மலிங்கம்'. 1974ஆம் ஆண்டு உறுதியில் மகனுடைய பெயர் இல்லை. அவர் அப்போது கைக்குழந்தை. ஆயினும் பிறப்புப் பத்திரத்தில் 'தருமலிங்கம்' எனவும், அடையாள அட்டையில் 'தர்மலிங்கம்' எனவும் உள்ளது என்போம். செந்தமிழ்ப் பற்றுள்ள சரவையாளர் முன்னதை எங்கும் இட விரும்புவார். அச்சுச் சரவைக்கு அது பொருந்தலாம், உறுதிக்குப் பொருந்தாது. இன்று கையொப்பமிடும் பெயரே பிரதானப் பெயர். மற்றையது 'எனவும் வழங்கும்' என்பதனுள் வரவேண்டும். பழைய உறுதியை மேற்கோளாகக் கூறும்போது அதிலுள்ள எழுத்துக்கூட்டலைப் பிழையாயினும் அவ்வாறே விடுதல் வேண்டும். பதிவகத்தில் தேடுபவர் அந்த எழுத்தைக் கொண்டே தேடுவார்.

இத்தனையையும் கண்ணால் மட்டும் பிடிக்க முடியாது. நாம் கையாளும் முறை, ஒரு தனித்தாளில் ஆண்டுகளை மேலிருந்து கீழாக எழுதி, முன்னுரையின் ஒவ்வொரு வினையையும் அதற்குரிய ஆண்டின் எதிரே இடுவது. எமது வரைவை அவ்வாறு இட்டால் 1972, 1974, 1976, 1998, 2023 என ஐந்து வரிகள் வருகின்றன. 1972க்கும் 1976க்கும் எதிரே இட ஒரு வினையும் இல்லை என்பது உடனே புலப்படும். 1998க்கு எதிரே நிகழ்கால வினை ஒன்று நிற்பதும் புலப்படும். மற்றொரு தாளில் ஆட்களின் பெயர்களை, வரைவில் வரும் வடிவிலேயே, தோன்றும் ஒழுங்கில் எழுதவேண்டும். செல்லம்மா, அவரின் விதவை, மேற்படியார், விற்பனையாளர் என ஒருவருக்கே நான்கு பெயர்கள் அங்கே வரிசையாக நிற்கும். அதன்பின் ஒருவர் பழைய உறுதியை உரத்து வாசிக்க, மற்றவர் வரைவைப் பார்த்து ஒப்புநோக்குதல் வேண்டும். தனியே வாசிப்பவர், இருக்கவேண்டியதையே வாசிக்கிறார், இருப்பதை அன்று.

இவ்வாறு நோக்கியபின் வரைவு பின்வருமாறு அமையும். மரணசாதன வழக்குப் பற்றிய கூற்றை நீளம் கருதி இங்கு ஒதுக்கியுள்ளோம்.

"கந்தையா வேலுப்பிள்ளையும், சின்னத்தம்பி செல்லம்மா எனவும் பெயர் வழங்கும் வேலுப்பிள்ளை செல்லம்மாவும் தேசவழமைக்கு உட்பட்டோர். அவர்கள் 1972ஆம் ஆண்டு வழக்காற்று முறைப்படி மணம் முடித்தனர்; 1976ஆம் ஆண்டு அம்மணத்தைப் பதிவு செய்தனர். அட்டவணையில் விபரிக்கப்படும் காணியைக் கந்தையா வேலுப்பிள்ளை, அம்மணவாழ்வு நிலவிய காலத்தில், 1974ஆம் ஆண்டு முடிக்கப்பட்ட அறுதி உறுதிப்படி, தமது தனிச்சொத்தைச் சேராத பணத்தால் விலைக்கு வாங்கினார். அவர் 1998ஆம் ஆண்டு மரணசாதனம் எழுதாது இறந்தார். அதனால் அக்காணியில் வேலுப்பிள்ளை செல்லம்மாவுக்கு அரைப்பங்கும், பிள்ளைகளாகிய வேலுப்பிள்ளை தர்மலிங்கத்துக்கும், வேலுப்பிள்ளை மகேஸ்வரி எனவும் பெயர் வழங்கும் மகேஸ்வரி நடராசாவுக்கும் தலைக்குக் காற்பங்கும் உரித்தாயிற்று. மகேஸ்வரி நடராசா தமது காற்பங்கை இன்றும் உடையவராயுள்ளார். அப்பங்கு இவ்வுறுதியால் மாற்றப்படவில்லை. விற்பனையாளர்களாகிய வேலுப்பிள்ளை செல்லம்மா தமது அரைப்பங்கையும் வேலுப்பிள்ளை தர்மலிங்கம் தமது காற்பங்கையும் கொள்வனவாளருக்கு விற்க இணங்கியுள்ளனர்."

இதற்கும் ஓர் எல்லை உண்டு. தமக்கில்லாத பங்கை எவ்வளவு செம்மையான வாசகத்தாலும் ஒருவர் மாற்ற முடியாது. 1972ஆம் ஆண்டு மணம் மறுக்கப்படின், அதனை நிறுவச் சாட்சியமே வேண்டும். முன்னுரை தானே சாட்சியமாகாது. அது செய்யக்கூடியது, எதனை நிறுவவேண்டும் என்பதைத் தெளிவாக விட்டுச்செல்வது. தாலி கட்டிய நாளிலே உடனிருந்தோர் வாழுங்காலத்திலேயே அவர்களிடம் சத்தியக்கடதாசி பெற்றுவைக்கவேண்டும் என்ற எண்ணம் நொத்தாரிசுக்கு எழுவதும் அந்த ஆண்டு வரைவில் தோன்றிய பின்னரே.

இவையெல்லாம் கையொப்பத்திற்கு முன் நிகழவேண்டியவை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணியை மாற்றும் உறுதி நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டும். ஒப்பமிடும் மேசையில் ஒரு சொல்லை வெட்டி எழுதினாலும் நொத்தாரிசு தமது அத்தாட்சியில் அந்த வெட்டையும் அதன் வரியையும் குறிப்பிடக் கடமைப்பட்டவர். ஒப்பமிட்டபின் மூலப்பிரதி வாங்கியவரிடமும், இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்திலும், மற்றையது நொத்தாரிசின் கோவையிலும் சென்று சேரும். அதன்பின் 'உரித்தாகின்றது' என்பதை 'உரித்தாயிற்று' என மாற்றுவதற்குப் பேனை போதாது. பிழைதிருத்த உறுதி ஒன்று வேண்டும். அதற்குச் செல்லம்மாவும் மகனும் கொள்வனவாளரும் மீண்டும் ஒப்பமிடல் வேண்டும். மகன் அதற்கிடையில் தமக்கையுடன் சேர்ந்திருக்கக் கனடாவுக்குச் சென்றிருப்பின், அவரிடமிருந்து அற்றோணித் தத்துவம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.